இஞ்சினுக்கு யார் கையெழுத்து போடுவது

வங்கி அதிகாரி அம்மா எங்கள் கூட்டுத்தொழில் பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்து, "சார், இந்த இஞ்சின் யாரு?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. காசிமேட்டு மீனவர் குப்பத்தில் பிறந்து வளர்ந்த எவனிடமும் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இஞ்சின் யார் என்று சொல்வதற்கு முன்னால் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு ஃபைபர் படகில் மூன்று பேர் பதினேழு வருஷம் கடலுக்குப் போனோம். படகு என்னுடையது. வலை என் கூட்டாளியுடையது. இஞ்சின், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடும் மூத்தவருடையது. எங்கள் பக்கம் மீனைப் பிரிக்கும் விதம் அப்படித்தான். டீசல் செலவு போக மிச்சத்தில் ஆளுக்கு ஒரு பங்கு, அது போகப் படகுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று, இஞ்சினுக்கு ஒன்று. உழைக்கிற ஆளுக்கு எவ்வளவு மரியாதையோ அதே மரியாதை உழைக்கிற பொருளுக்கும் உண்டு. இஞ்சின் பங்கு என்றால் இஞ்சின்காரர் வீட்டுக்குப் போகிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அண்ணன் ஒரு நாள் கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் எங்கள் இரண்டு பேருக்கும் கடலுக்குப் போக மனசு ஓடவில்லை. படகு, வலை, இஞ்சின் மூன்றையும் விற்று, அந்தப் பணத்தில் ஒரு பழைய வேனும் ஐஸ் பெட்டிகளும் வாங்கி, ஏலத்தில் மீன் எடுத்து ஓட்டல்களுக்குப் போடத் தொடங்கினோம். இஞ்சின் போய்விட்டது, இஞ்சின் பங்கு மட்டும் போகவில்லை. வாராவாரம் சனிக்கிழமை நான் அதைக் கொண்டுபோய் அண்ணியிடம் கொடுப்பேன். அண்ணி காசிமேட்டிலேயே குடைக்குக் கீழே அன்னக்கூடை வைத்து மீன் விற்பவர். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, எண்ணாமல் இடுப்பில் செருகிக்கொள்வார்.

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் பெரிய ஓட்டல் கம்பெனி ஒன்று, தன்னுடைய எல்லாக் கிளைகளுக்கும் எங்களிடமே மீன் வாங்குவதாகச் சொல்லி ஒரு நிபந்தனை போட்டது. பணத்தை நிறுவனத்தின் பெயரில் இருக்கும் நடப்புக் கணக்கில்தான் போடுவார்களாம். ஆள் பேரில் இருக்கும் சேமிப்புக் கணக்கு ஆகாது. மாதக் கடைசிக்குள் அந்தக் கணக்கின் கேன்சல் செய்த காசோலை ஒன்று அவர்கள் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பார்கள். வேனின் டயருக்கே வழி தெரியாத நேரம் அது. இந்த ஆர்டர் போனால் வேனும் போகும்.

எங்களில் பத்தாவது வரை படித்தவன் நான். அதனால் ராயபுரத்தில் பத்திரம் எழுதுகிறவரிடம் நானே போய் உட்கார்ந்து வாயால் சொன்னேன். முதல் பங்குதாரர் நான், இரண்டாம் பங்குதாரர் கூட்டாளி. லாபத்தில் எனக்கு நாற்பது, அவனுக்கு நாற்பது, இஞ்சின் பங்கு இருபது. வங்கிக் கணக்கை முதல் பங்குதாரர் தனியாக இயக்கலாம். அவர் மூச்சு விடாமல் தட்டச்சு செய்துவிட்டார். என்ன எழுதினாலும் அவருக்குப் பக்கத்துக்கு இவ்வளவு கூலி என்ற கணக்குதான். எங்கள் ஆடிட்டர் அந்தப் பத்திரத்தை வைத்து நிறுவனத்தின் பேரில் பான் கார்டு வாங்கிக் கொடுத்தார், சிறுதொழில் பதிவுச் சான்றும் எடுத்துக் கொடுத்தார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவரும் பார்க்கவில்லை.

பார்த்தது வங்கி அம்மாதான். முப்பது வயசுகூட இருக்காது. ஒவ்வொரு வரியாக ஸ்கேலை வைத்துப் படித்தார்.

"இஞ்சின்னா இஞ்சின்தாம்மா. படகு இஞ்சின்" என்றேன்.

"அதுக்கு லாபத்துல இருபது சதவீதம் போகுதுங்களா?"

"ஆமா."

"யாரு வாங்கிக்கறாங்க?"

கூட்டாளி என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அந்த அம்மா கோபப்படாமல் விளக்கினார். நிறுவனம் என்பது பெயர்தான், அதற்குப் பின்னால் இருக்கிற ஆட்கள் யார் என்று வங்கிக்குத் தெரிய வேண்டும். லாபத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் யாருக்குப் போகிறதோ அந்த ஆளின் பெயர், முகவரி, ஆதார், பான், புகைப்படம் எல்லாம் வேண்டும். "இஞ்சினுக்கு ஆதார் இருந்தா கொடுங்க சார், வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அடுத்ததாக அவர் இன்னொன்றும் சொன்னார். காசோலையில் நான் ஒருவனே கையெழுத்து போடுவதாக இருந்தாலும், கணக்கு திறக்கும் படிவத்திலும், யார் கணக்கை இயக்கலாம் என்று சொல்லும் அதிகாரக் கடிதத்திலும் எல்லாப் பங்குதாரர்களும் கையெழுத்து போட்டே ஆக வேண்டும். எங்கள் கூட்டு நிறுவனத்தை நிறுவனப் பதிவாளரிடம் பதிவு செய்யவில்லை என்பதால் அந்தக் கடிதம் இன்னும் முக்கியம். ஒருவர் விட்டுப்போனாலும் கணக்கு இல்லை. தொழில் நடக்கும் இடத்தில் பெயர்ப் பலகை மாட்டியிருக்க வேண்டும், வங்கியிலிருந்து ஆள் வந்து பார்ப்பார். வேறு வங்கியில் கடன் இருக்கிறதா என்று எழுதித் தர வேண்டும். நிறுவனத்தின் பெயரில் ரப்பர் ஸ்டாம்ப் வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மனசு அந்த இருபதிலேயே நின்றது.

அங்கிருந்து நேராக ஆடிட்டரிடம் போனோம். அவர் பத்திரத்தைப் படித்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். "பான் கார்டு இந்தப் பத்திரத்து மேல வாங்கியிருக்கு, இதக் கிழிக்க முடியாது. துணைப் பத்திரம் ஒண்ணு போடணும். சுலபமா ரெண்டு வழி. இஞ்சின் பங்க எடுத்துட்டு உங்க ரெண்டு பேருக்கும் பாதிப் பாதின்னு எழுதிடலாம். இல்லன்னா இஞ்சின்காரர் சம்சாரத்தையே மூணாவது பார்ட்னரா சேர்க்கலாம். ஆனா யோசிச்சுக்கோங்க. பார்ட்னர்னா லாபத்துக்கு மட்டும் இல்ல. நிறுவனம் கடன் வாங்கிக் கட்ட முடியலன்னா, மூணு பேர்ல யாருகிட்ட வேணும்னாலும் முழுசா கேக்கலாம். அந்தம்மா வீடு வரைக்கும் வரும்."

எனக்கு அந்தக் கடைசி வார்த்தை வெல்லக்கட்டி மாதிரி இனித்தது. இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? "பாவம், அண்ணிய ஏன் இதுல இழுக்கணும்? பாதிப் பாதின்னே போட்டுடுங்க. அவங்களுக்கு எப்பவும் போலக் கையில குடுத்துடுவோம்" என்றேன்.

கூட்டாளி அதிகம் பேசாதவன். அன்று பேசினான். "சரி மாமு. ஆனா அத்த நீயே போய் அண்ணிகிட்ட சொல்லு. நான் வர மாட்டேன்."

"ஏன்டா?"

"இஞ்சின வித்த துட்டு வேன்ல கீது. அந்தத் துட்டுக்கு நீ இன்னா பேரு வெப்ப?"

அன்று அவன் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சொல்வார்கள். என் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, கொதித்தது. அது அதைவிட மோசம் என்று இப்போது தெரிகிறது.

மறுநாள் விடிகாலை ஏலம் முடிந்த கையோடு அண்ணியிடம் போனேன். சங்கரா மீனை அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பெட்டியில் உட்கார்ந்து, வங்கி கேட்டது, ஆடிட்டர் சொன்னது, நான் முடிவெடுத்தது மூன்றையும் சொன்னேன். அவருக்கு நல்லது செய்கிற குரலில்தான் சொன்னேன்.

அண்ணி மீனை அடுக்குவதை நிறுத்தவில்லை. "அப்ப பேப்பர்ல நான் இல்ல."

"பேப்பர்ல இல்லன்னா இன்னா அண்ணி? சனிக்கெழம சனிக்கெழம நான் வந்து குடுக்கல?"

"குட்த்த. யாரு இல்லன்னு சொன்னா? உன் கை கீற வரிக்கும் குடுப்ப. உன் அண்ணன் கையும் நல்லாத்தான் இருந்துச்சு. வலையப் பிரிச்சிகினு இருந்த கை."

அவர் தண்ணீரைத் தெளித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நாளிக்கி நீ இல்ல, அவனும் இல்லன்னு வெச்சிக்க. உங்க புள்ளைங்களாண்ட போய் இஞ்சின் பங்கு குடுன்னு கேட்டா, எந்த இஞ்சின்னு கேப்பாங்க. பேங்க்குல கேட்டாங்களே, அந்த மாரி."

"பார்ட்னரானா கடனும் உங்க தலையில விழும் அண்ணி. வூட்டு வரிக்கும் வருவான்."

"ஐஸு உருகற வியாவாரத்துல நஷ்டம் இன்னான்னு எனுக்கு நீ சொல்லித் தரியா? இருவத்தஞ்சு வருசமா இங்க குந்திகினு கீறேன். பயந்துகினா வூட்ல இருந்திருப்பேன். என் பேரப் போடு."

சரி என்று எழுந்தேன். அவர் விடவில்லை. "செக்குல யாரு கையெழுத்து?"

"நான்தான்."

"நீ ஒருத்தனா?" அவர் சிரித்ததைப் பார்த்துப் பக்கத்துக் கூடைக்காரிகள்கூடத் திரும்பினார்கள். "எங்க மகளிர் குழுவுல பன்னெண்டு பொம்பளைங்க. தலைவி, செயலாளரு, பொருளாளரு மூணு பேரு. மூணுல எவளாவது ரெண்டு பேரு போட்டாதான் துட்டு எடுக்க முடியும். நான் பொருளாளரு, ஒம்போது வருசமா போடறேன். நீங்க மூணு பேரு, ஒத்த கையெழுத்தா? இன்னாபா இது, கலீஜா கீது."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. "எங்க மேல நம்பிக்க இல்லயா அண்ணி?"

"நம்பிக்க இல்லன்னா பார்ட்னரே ஆவ மாட்டேன். ரெண்டு கையெழுத்து திருட்டுப் பசங்களுக்கு இல்ல தம்பி. நாளிக்கி உன்ன ஒருத்தன் திருடன்னு சொன்னா, இல்ல, நானும்தான் போட்டேன்னு சொல்ல ஒரு ஆளு வோணும். அதுக்கு."

அன்று முழுவதும் வேன் ஓட்டிக்கொண்டே அந்த வார்த்தையோடு சண்டை போட்டேன். ஜெயிக்க முடியவில்லை.

துணைப் பத்திரம் தயாரானது. அண்ணி மூன்றாம் பங்குதாரர். அந்த இருபது அவர் பெயரில். வங்கிக் கணக்கை மூவரில் எவரேனும் இருவர் சேர்ந்து இயக்கலாம். நான் என் வாயால் சொல்லித்தான் இந்த வரியையும் எழுத வைத்தேன். அண்ணி மூன்று பக்கத்தையும் எங்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, பிறகு தானும் எழுத்துக்கூட்டிப் படித்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து போட்டார்.

மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. மூவரும் வங்கிக்குப் போனோம். நான் கொண்டுபோன புகைப்படம் பத்து வருஷம் பழசு என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கூட்டாளி பான் கார்டின் நகலை வேனிலேயே வைத்துவிட்டு வந்து, வெயிலில் ஓடினான். அண்ணி ஒரு பிளாஸ்டிக் உறையைப் பிரித்தார். ஆதார், பான், இரண்டு நகல், நகல்களின் ஓரத்தில் ஏற்கெனவே கையெழுத்து, நான்கு புகைப்படம். வங்கி அம்மா அதை வாங்கி மேஜையில் அடுக்கிக்கொண்டே, "இவங்கதான் இஞ்சினா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாம்மா" என்றேன். இந்த முறை எனக்கும் சிரிப்பு வந்தது.

பழைய பத்திரத்தையும் துணைப் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பத்திரத்தில் இருவர் என்று இருந்தால் அதிகாரக் கடிதத்திலும் இருவர் என்றே இருக்க வேண்டும், ஒன்றுக்கொன்று முரண்பட்டால் கணக்கு நிற்கும் என்றார். மாதிரிக் கையெழுத்து அட்டையில் மூவரும் போட்டோம். செல்போனில் பணம் அனுப்பினாலும் இதே கதைதானாம். ஒருவர் எழுதி அனுப்ப வேண்டும், இன்னொருவர் ஒப்புதல் கொடுத்தால்தான் நகரும். கடைசியில் ஒன்று சொன்னார். "உங்களுக்குள்ள தகராறு வந்து, மூணு பேர்ல ஒருத்தர் எழுத்து மூலமா நிறுத்தச் சொன்னாலும் நாங்க நிறுத்திடுவோம். திரும்பத் திறக்கணும்னா மூணு பேரும் கையெழுத்து போடணும்."

எனக்குத் திக்கென்றது. ஒரு கோபத்தில் இந்தக் கணக்கையே மூடிவிடக்கூடிய ஆள் மூவரில் யார் என்று யோசித்தேன். மற்ற இரண்டு பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வங்கி ஆள் வந்து ஐஸ் பெட்டிகள் வைக்க நாங்கள் எடுத்திருந்த அறை வாசலில் பெயர்ப் பலகையைப் படம் பிடித்துக்கொண்டு போனார். மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது காசோலைப் புத்தகம் வந்தது. முதல் காசோலையின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, கேன்சல் என்று எழுதி ஓட்டல் கம்பெனியில் கொடுத்தேன். அடுத்த வாரமே ஆர்டர் வந்தது, கடன் சொல்லி வேனுக்கு டயரும் வாங்கினோம்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை. கணக்கில் முதல் முறையாகப் பணம் ஏறியிருந்தது. அண்ணியின் பங்குக்குக் காசோலை எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். இரண்டாவது கையெழுத்துக்குக் கூட்டாளியைத் தேடினால், அவன் எண்ணூரில் ஐஸ் வண்டியோடு மாட்டிக்கொண்டிருந்தான். அவன் வருவதற்குள் வங்கி மூடிவிடும், திங்கட்கிழமை வரை ஆகும். காசோலைப் புத்தகத்தோடு காசிமேட்டுக்குப் போய், "நாளு தள்ளிப்போவுது அண்ணி, அவன் கையெழுத்து இல்ல" என்றேன்.

"அவன் எதுக்கு? எவனாவது ரெண்டு பேருதானே?" என்று கையை நீட்டினார்.

புடவைத் தலைப்பில் இரண்டு கையையும் நன்றாகத் துடைத்தார். காசோலையை வாங்கி, பெயர், தொகை, தேதி என்று விரல் வைத்துப் படித்தார், பிறகு என் பையில் இருந்த ரசீதுகளையும் வாங்கிக் கூட்டிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் என்னிடம் வாங்கிய பணத்தை அவர் ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அது என் மேல் உள்ள நம்பிக்கை என்று நினைத்து நான் உள்ளுக்குள் பூரித்திருக்கிறேன். கொடுக்கிறவனுக்கு முன்னால் எண்ணினால் மரியாதை இல்லை என்று அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்பது அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. அவர் சொத்தைத்தான் வாராவாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன், தர்மம் கொடுக்கிற முகத்தோடு. அந்த முகத்தை விட மனசில்லாமல்தான் அவர் பெயரைப் பத்திரத்தில் சேர்க்காமல் விடப் பார்த்தேன். அவர் வீட்டைக் காப்பாற்ற அல்ல.

"இதுல நூத்தி எண்பது ரூவா கொறியுது" என்றார் அண்ணி.

நான் ரசீதுகளைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. ஐஸ் கூலியை இரண்டு முறை கழித்திருந்தேன்.

"வேற செக்கு எழுது" என்று சொல்லிவிட்டுப் தன் பேனாவை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார். மீன் பெட்டியின் மேல் வைத்து வேறு எழுதினேன். முதலில் நான் போட்டேன், கீழே அவர் போட்டார்.